தட்டு ஆறட்டும்

தம்பி,

திங்கட்கிழமை முதல் ஆய்வகத்தின் சாவி உங்களிடம் இருக்கும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தைப் பற்றி, மாகறல் பள்ளியில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

1. காலையில் முதல் வேலை தட்டைக் கழுவுவது. நம் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் தடவி வருகிறவர்கள். அந்த விரல் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் பிடிக்காது. தட்டு ஆறியிருக்கும்போது கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவித் துடையுங்கள். பிறகு விளிம்பை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

2. முதல் அடுக்கு முடியும்வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள். நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, எட்டாம் வகுப்பு, அப்பாவின் தறிக்குத் தார்க்குச்சி வரைந்து கொண்டுவந்தாள். அதை நிமிர்த்தி வைத்து அச்சிட்டோம். அடிப்பகுதி சிறியது. நான் சாப்பிடப் போய்த் திரும்பியபோது குச்சி பெயர்ந்து கிடந்தது, மேலே இடியாப்பம் போல இழை குவிந்திருந்தது. மறுநாள் அடியைச் சுற்றி 5 மி.மீ. அகலத்துக்கு மெல்லிய விளிம்பு சேர்த்தோம், நன்றாக நின்றது. ஆனால் தாரில் நூல் சுற்றும்போது குறுக்கே ஒடிந்தது. அடுக்குக்கு அடுக்கு ஒட்டும் இடம்தான் அதில் பலவீனம். படுக்க வைத்து, கீழே தாங்கி கொடுத்து அச்சிட்ட பிறகே உழைத்தது. எந்தப் பொருளுக்கும் எந்தப் பக்கம் இழுவிசை வரும் என்று பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள்.

3. முனை 200 டிகிரி, தட்டு 60 டிகிரி. முனையில் பட்டால் தோல் உடனே வெந்துபோகும். இயந்திரம் ஓடும்போது உள்ளே யாரும் கை விடக் கூடாது. துப்பட்டாவைச் செருகி, பின்னலைப் பின்னால் கட்டச் சொல்லுங்கள். அச்சு முடிந்ததும் கால் மணி நேரம் காத்திருந்தால் பொருள் பெரும்பாலும் தானே விட்டுவரும். சுரண்டும் தகடு உங்கள் மேசையில் மட்டும் இருக்கட்டும். மாணவர் கையில் கொடுக்காதீர்கள்.

4. மின்சாரம் போனால் முனையைக் குளிர்விக்கும் விசிறி நின்றுவிடும். சூடு மேலே ஏறி, உள்ளே இருக்கும் இழை இளகி அடைத்துக்கொள்ளும். மின்சாரம் வந்தபின் 'டக், டக்' என்று சத்தம் மட்டும் வந்து பிளாஸ்டிக் வராவிட்டால் அதுதான் காரணம். முனையை மறுபடி சூடாக்கி இழையை வெளியே இழுத்து, வீங்கிய நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் செலுத்துங்கள். பாதியில் நின்ற வேலையைத் தொடரலாமா என்று திரை கேட்கும். தட்டு ஆறிப் பொருள் பெயர்ந்திருந்தால் வேண்டாம்.

5. பி.எல்.ஏ. இழை மட்டும் வாங்குங்கள். ஏ.பி.எஸ். உருகும்போது வரும் புகை, சன்னல் சாத்திய வகுப்பறைக்கு ஆகாது. மழைக்காலத்தில் இழை ஈரம் குடித்து முனையில் பொரியும், பொருளில் மயிர் மயிராக நூல் தொங்கும். சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

6. ஆள் இல்லாத அறையில் இயந்திரம் ஓடக் கூடாது. மணி அடித்தும் வேலை முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள், நாளைக்குச் செய்யலாம்.

மாற்று முனை இரண்டு, மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கின்றன. இரண்டும் 0.4 மி.மீ.