கடன் தரமும் வட்டி வீதமும்

ஓர் அரசாங்கமோ கம்பெனியோ கடன் பத்திரம் வெளியிடும்போது, வாங்குவோர் முதலில் கேட்பது, ‘போட்ட முதல் திரும்பி வருமா?’ என்பதே. அதற்கு எழுத்துக்களால் விடை கூறுபவை தர நிர்ணய நிறுவனங்கள். அவற்றுள் ஒன்றாகிய ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸின் ஏணியில் உச்சிப் படி ‘ஏஏஏ’. ‘பிபிபி மைனஸ்’ வரையுள்ள படிகள் முதலீட்டுக்கு உகந்தவை; அதற்குக் கீழுள்ளவை ஊகத்துக்குரியவை. தரம் குறையுமிடத்து, அபாயத்துக்கு ஈடாக அதிக வட்டி கேட்கப்படும்.

கிரீஸ் நாட்டின் அனுபவம் இதனை விளக்கும். 2009 அக்டோபரில் அந்நாட்டின் பத்தாண்டுப் பத்திரங்களுக்குச் சந்தையில் சராசரியாக 4.6 சதவிகித வட்டியே கேட்கப்பட்டது. வரவு செலவுப் பற்றாக்குறை முன்பு கூறியதைவிட மிக அதிகம் என்பது அம்மாதம் வெளியாயிற்று. தரம் இறங்கத் தொடங்கியது. 2010 மார்ச்சில் 500 கோடி யூரோ கடன் திரட்ட, 6.25 சதவிகித வட்டி தர நேர்ந்தது. ஆண்டு வட்டி 31.25 கோடி யூரோ. பழைய வீதத்தில் அது 23 கோடியே ஆகியிருக்கும். பத்தாண்டுகளில் வித்தியாசம் 82.5 கோடி யூரோ.

2010 ஏப்ரல் 27ஆம் தேதி தரம் மூன்று படிகள் ஒருங்கே இறங்கி ‘பிபி பிளஸ்’ ஆயிற்று. முதலீட்டுத் தரத்தின் எல்லையைத் தாண்டிய இந்த இறக்கம் மற்றவற்றைவிடக் கடுமையானது. ஏனெனில், அவ்வெல்லைக்குக் கீழுள்ள பத்திரங்களை வைத்திருக்கக் கூடாதென்பது பல ஓய்வூதிய நிதிகளின் விதி. அவை விற்க முற்படின் விலை சரியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். தரம் இறங்கினாலும் பழைய பத்திரத்தின் வட்டி மாறாது. அதன் விலையே மாறும். 6.25 யூரோ வட்டி தரும் 100 யூரோப் பத்திரத்துக்கு இன்னும் பத்தாண்டுகள் உள்ளன என்க. சந்தை 10 சதவிகிதம் எதிர்பார்த்தால் அப்பத்திரம் சுமார் 77 யூரோவுக்கே விலைபோகும். அதை வாங்கினால் 10 சதவிகிதம் கிட்டும்போது, புதிய பத்திரத்தை அதற்குக் குறைந்த வட்டிக்கு எவரும் வாங்கார். கடனாளியைச் சுமை தாக்குவது புதுக் கடன் வாங்கும்போதும், பழையதை அடைக்க மறுகடன் வாங்கும்போதுமே. கிரீஸ் 2010 மே மாதத்தில் ஐரோப்பிய நாடுகளிடமும் சர்வதேச நிதி நிறுவனத்திடமும் உதவிக் கடன் பெற்றது இதனாலேயே.

எனினும் தரம் ஒன்றே வட்டியைத் தீர்மானிப்பதில்லை. கிரீஸில் ஏப்ரல் இறக்கத்துக்கு முன்னரே வட்டி ஏறியிருந்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் ‘ஏஏஏ’ தரத்தை இழந்தபோதோ, அதன் வட்டி வீதம் குறைந்தது. அச்சமுற்றோர் அப்பத்திரங்களையே பாதுகாப்பென நாடினர். ஆகவே எழுத்தை மட்டும் பாராது, அதே கால அளவுள்ள உறுதியான பத்திரத்தைவிட இப்பத்திரத்துக்கு எவ்வளவு கூடுதல் வட்டி கேட்கப்படுகிறது என்பதையும் ஒப்பிடல் வேண்டும். அவ்விடைவெளி விரிவது, தரம் இறங்குமுன்னரே தெரியும் அறிகுறியாகலாம்.