‘அருகிய இனம்’ என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

தாம்பரம் சுற்றுவட்டாரப் பள்ளிகள் களப்பயணமாக வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் செல்வது வழக்கம். அங்கு சிங்கவால் குரங்கைப் பார்க்கும் மாணவர்கள், “இது எத்தனை மிச்சமிருக்கிறது?” என்று கேட்பார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலோ எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ஓர் இனம் காட்டிலிருந்து மறைந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அதன் கேள்வி. அதற்கேற்ப அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் என்று மூன்று படிகள் உள்ளன.

எண்ணிக்கையா, சரிவா?

வெண்முதுகுப் பாறு கழுகு சில ஆயிரம் எஞ்சியிருந்தும் ‘மிக அருகிய இனம்’. காரணம் சரிவின் வேகம். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992 முதல் 2007 வரை இந்தியாவில் இவற்றில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன.

பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் ஏற்படும் சரிவைக் கணக்கிடுகிறார்கள். காரணம் இன்னும் நீங்காத நிலையில், 30 விழுக்காடு சரிந்தால் அழிவாய்ப்பு இனம், 50 என்றால் அருகிய இனம், 80 என்றால் மிக அருகிய இனம். தலைமுறையை அளவாகக் கொள்வதால், மெதுவாகப் பெருகும் யானைக்கு இக்காலம் அறுபது ஆண்டுகளையும் தாண்டும்.

யாரை எண்ணுகிறார்கள்?

சிங்கவால் குரங்கு வேறு அளவுகோலால் ‘அருகிய இனம்’ ஆனது. இனப்பெருக்கத்துக்குத் தகுதியான முதிர்ந்த விலங்குகள் 2,500க்கும் குறைவு, தொடர்ந்து குறைகின்றன, தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் துண்டாக்கிய சோலைகளில் சிறு கூட்டங்களாகப் பிரிந்துள்ளன, எந்தத் தனிக்கூட்டத்திலும் முதிர்ந்தவை 250க்கு மேல் இல்லை. குட்டிகளும் பூங்காவில் வளர்பவையும் இக்கணக்கில் சேரா. வண்டலூரில் குட்டிகள் பிறந்தாலும் இந்தப் படி மாறாது.

வகுப்பறைச் செயல்பாடு

கீழுள்ள மூன்று கற்பனை இனங்களைக் கரும்பலகையில் எழுதி, குழுக்களாக வகைப்படுத்தச் சொல்லலாம். எண்ணிக்கை அனைத்தும் முதிர்ந்தவற்றுக்கு உரியவை.

அ: மூன்று தலைமுறைகளில் 20,000 என்பது 3,000 ஆனது, காரணம் தொடர்கிறது.
ஆ: 200 உள்ளன, குறையவில்லை.
இ: 800 உள்ளன, குறையவில்லை.

பெரும்பாலான குழுக்கள் ‘ஆ’வையே முதலில் வைக்கும். விடை வேறு. ‘அ’ 85 விழுக்காடு சரிந்ததால் மிக அருகிய இனம். ‘ஆ’ 250க்குக் குறைவு என்பதால் அருகிய இனம். ‘இ’ 1,000க்குக் குறைவு என்பதால் அழிவாய்ப்பு இனம். ஓர் இனம் ஏதேனும் ஓர் அளவுகோலை நிறைவு செய்தாலே போதும். பல பொருந்தினால் அவற்றுள் மிக மோசமான படியே அதற்கு உரியது.

அடுத்து, ‘ஆ’ எந்த எண்ணுக்குக் கீழே போனால் மிக அருகியதாகும் என்று கேளுங்கள். விடை 50.