பிரெஞ்சுக் கடிதத்தில் முதல் வரி

கேள்வி: லியோனில் ஒரு மாணவர் விடுதிக்கு அறை கேட்டு மின்னஞ்சல் எழுதுகிறேன். யார் படிப்பார்கள் என்று தெரியாது. 'மதாம், மெஸ்யூ' என்று தொடங்கினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. 'ஷேர் மதாம், ஷேர் மெஸ்யூ' போடலாமா? - மாணவி, புதுச்சேரி

பதில்: போடாதீர்கள். 'ஷேர்' என்பது அறிமுகம் ஆனவர்களுக்கு. ஆங்கிலக் கடிதத்தில் யாருக்கும் 'டியர்' போட்டுப் பழகிய கை, பிரெஞ்சிலும் அதையே தேடுகிறது. முகம் தெரியாத விடுதி ஊழியருக்கு அது தேவையில்லாத நெருக்கம்.

'போன்ஜூர்' என்று மட்டும் எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, அடுத்த வரிக்குப் போங்கள். பெயர் இல்லையே என்று தவிக்க வேண்டாம். மின்னஞ்சலில் அது தனியாகவே நிற்கும், மரியாதைக் குறைவும் இல்லை. அடுத்த வரியில் நேராக விஷயம்: செப்டம்பரிலிருந்து லியோனில் படிக்கப் போகிறேன், ஒருவர் தங்கும் அறை காலியாக இருக்கிறதா? முடிவில் 'கோர்தியால்மான்', கீழே உங்கள் முழுப் பெயர்.

எனக்கு வரும் நகல்களில் பாதிக்கு மேல் பிழை முதல் வரியில் இல்லை, கடைசி வரியில்தான் இருக்கிறது. மேலே இலகுவாக 'போன்ஜூர்', கீழே எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய 'வெயே அக்ரேயே, மதாம், மெஸ்யூ...' என்ற நீண்ட வணக்க வாக்கியம். அந்த வாக்கியத்தின் நடுவில் வரும் விளிப்பு, கடிதத்தின் தொடக்கத்தில் இருந்த விளிப்பேதான், ஓர் எழுத்து மாறாமல். மேலே 'மதாம், மெஸ்யூ' என்றால் கீழேயும் அதுவே. மேலே 'போன்ஜூர்' என்றால் கீழே திரும்பச் சொல்ல விளிப்பே இல்லை. வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். மேலே 'மெஸ்யூ', கீழே 'மதாம்' என்று இருந்துவிட்டால், வேறு யாருக்கோ எழுதியதை அனுப்பியிருக்கிறீர்கள் என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். எப்படித் தொடங்குவது என்று தீர்மானிக்கும்போதே எப்படி முடிப்பது என்றும் தீர்மானித்துவிடுங்கள். இதை நான் எழுதி எழுதிச் சலித்துவிட்டேன், ஆனாலும் எழுதுவேன்.

அதே விடுதிமீது பிறகு புகார் செய்ய வேண்டி வந்தாலோ, பதிவுத் தபால் அனுப்பினாலோ, வேலைக்கு விண்ணப்பித்தாலோ, பிரெஃபெக்ச்சர் அலுவலகத்துக்கு எழுதினாலோ, 'மதாம், மெஸ்யூ' தான். அங்கே விறைப்பு வேண்டும். பதில் வந்து, கீழே ஒரு பெண்ணின் பெயர் இருந்தால், அடுத்த அஞ்சலை 'போன்ஜூர் மதாம்' என்று தொடங்குங்கள்.

கேள்வி: பெண் என்று தெரியும், மணமானவரா என்று தெரியாது. 'மத்முவாசெல்' எழுதலாமா? - காரைக்கால்

பதில்: 'மதாம்' எழுதுங்கள். பிரான்ஸ் அரசே 2012இல் தன் படிவங்களிலிருந்து 'மத்முவாசெல்'லை நீக்கச் சொல்லிவிட்டது. அவருடைய திருமணத்துக்கும் உங்கள் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: பாரிஸ் கிளையில் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு முதல் அஞ்சல். ஆண்களும் பெண்களும் உண்டு. 'போன்ஜூர் அ தூஸ்' போதுமா? - மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: இலக்கணப்படி போதும், ஆண்பால் பன்மை எல்லோரையும் அடக்கும். ஆனால் இன்று பல அலுவலகங்களில் 'போன்ஜூர் அ தூத் எ அ தூஸ்' என்று பெண்களை முதலில் சொல்லி எழுதுகிறார்கள். நானும் அதையே சொல்வேன். டி கோல் வானொலியில் நாட்டு மக்களை அழைத்ததும் 'பிரான்சேஸ், பிரான்சே' என்று பெண்களை முன்னால் வைத்துத்தான். இது நேற்று முளைத்த நாகரிகம் அல்ல. இரண்டாவது 'அ'வை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் பெண்களானால் 'அ தூத்' மட்டும்.

சில வாரம் சேர்ந்து வேலை செய்த பிறகு 'ஷேர் கொலேக்' எழுதலாம். இங்கே 'ஷேர்' தன் இடத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று பேர்தான் என்றால் பெயர்களையே எழுதுங்கள். 'மெஸ்யூ-தாம்' மட்டும் வேண்டாம். அது காபிக்கடைக்குள் நுழையும்போது அங்கிருப்போரைப் பார்த்து வாயால் சொல்வது, எழுத்தில் மட்டமாகத் தெரியும்.

கேள்வி: இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் 'போன்ஸ்வார்' தானே? - கோவை

பதில்: 'போன்ஜூர்' எழுதுங்கள். அவர் காலையில்தான் படிப்பார்.

கேள்வி: ஒரே நாளில் ஒரே ஆளுக்கு நான்கு அஞ்சல் போகிறது. ஒவ்வொன்றிலும் 'போன்ஜூர்' போடுகிறேன். சரிதானே? - திருச்சி

பதில்: முதல் அஞ்சலோடு நிறுத்துங்கள். பிரான்சில் ஒருவருக்கு ஒரு நாளில் ஒருமுறைதான் 'போன்ஜூர்'. மதியம் மறுபடி சொன்னால், காலையில் பார்த்ததையே மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார். இரண்டாவது அஞ்சலிலிருந்து விஷயத்தை நேராகத் தொடங்கலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.