‘மதியம் சுமார்’ என்று எழுதாதீர்கள்: சுற்றுலாவில் மாணவர் காணாமல் போனால் ஆசிரியர் எழுத வேண்டிய அறிக்கை

பள்ளிச் சுற்றுலாவில் ஒரு பிள்ளை காணாமல் போனதும் ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் புறப்பட்டோம், சாமி தரிசனம் செய்தோம், மதியம் சுமார் ஒரு மணிக்குச் சாப்பிட்டோம், பிறகு பார்த்தபோது மாணவனைக் காணவில்லை, எல்லா இடத்திலும் தேடினோம். நடந்தது அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் தேடப் போகிறவருக்கு உதவும் ஒரு விவரம்கூட இல்லை. அவருக்குத் தேவை இரண்டு நேரங்கள்தான். எல்லோரும் இருப்பதாகக் கடைசியாக உறுதி செய்தது எத்தனை மணிக்கு, ஒருவர் குறைவதை முதலில் கண்டது எத்தனை மணிக்கு. பிள்ளை பிரிந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அறிக்கையின் வேலை அந்த இடைவெளியை நேர்மையாகக் காட்டுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சித்தூரிலிருந்தோ வேலூர்ப் பக்கமிருந்தோ திருப்பதிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு அந்த ஊரிலேயே காரணங்கள் உண்டு. தரிசன வரிசைக்குள் செல்போன் அனுமதி இல்லை; கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அழைத்துக் கேட்க முடியாத மணிக்கணக்கு அது. மலைப்பாதையில் ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு வேறொரு சாலை. எண்ணிப் பார்க்காமல் பஸ்ஸைக் கிளப்பிவிட்டால் நடுவழியில் திருப்ப முடியாது. அலிபிரிவரை இறங்கி, சோதனையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். அப்புறம் கல்யாணக்கட்டை. காலையில் எடுத்த குழுப் படத்தில் தலைநிறைய முடியோடு நிற்கும் பையன் பத்து மணிக்கு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நிற்பான். அவனைப் போலவே நூற்றுக்கணக்கான மொட்டைத் தலைகள் அந்தத் தெருவில் நடக்கும். அடையாள அட்டைப் படத்தை மட்டும் நீட்டினால், பக்கத்திலேயே நிற்கும் பையனைக்கூடக் காவலர் தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே அறிக்கை எழுதும் வேலை காலையில் பஸ் கிளம்பும்போதே ஆரம்பிக்கிறது. ஒரு நோட்டு, ஒரு பேனா, கைக்கடிகாரம் கட்டிய ஓர் ஆசிரியர். ஒவ்வொரு முறை எண்ணும்போதும் இடம், நேரம், எண்ணிக்கை, எண்ணியவர், எண்ணிய முறை ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுத வேண்டும். ஐந்தாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. தலையை எண்ணுவதும் பெயர் கூப்பிடுவதும் ஒன்றல்ல. தலை எண்ணும்போது கூட்டத்தில் நிற்கும் வேறு பள்ளிப் பிள்ளையோ, ஆசிரியர் கூட அழைத்து வந்த சொந்தப் பிள்ளையோ கணக்கில் விழுந்து, ஒருவர் குறைந்தும் எண்ணிக்கை சரியாக வந்துவிடும். பெயர் கூப்பிட்டால் நண்பன் ‘உள்ளேன்’ சொல்லிவிடுவான். எனவே இறங்கி ஏறும் இடங்களில் ஒருவர் பஸ்ஸின் முன்னாலிருந்தும் இன்னொருவர் பின்னாலிருந்தும் தனித்தனியாக எண்ணி, இரண்டு எண்களையும் எழுதலாம். நீண்ட நேரம் கூட்டத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தால் முகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடலாம். எண்ணாத இடத்தில் ‘எண்ணவில்லை’ என்றே எழுதுங்கள். அங்கே கற்பனையாக ஒரு 46 போட்டால், அந்தப் பொய் எண் தேடுதலைத் தவறான மணிக்கு இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது நடந்த சம்பவம் அல்ல, எழுதும் முறையைக் காட்டுவதற்காக அமைத்தது. சித்தூரிலிருந்து 46 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் திருமலைக்குப் போகிறார்கள். நோட்டில் இப்படி இருக்கிறது: 5.40, பள்ளி வாசல், 46, பெயர் கூப்பிட்டு. 7.45, அலிபிரி சோதனை முடிந்து மீண்டும் ஏறியபோது, 46, இருவர் எண்ணி. 12.35, தரிசனம் முடிந்து வெளியே, 46, பெயர் கூப்பிட்டு. 12.50, வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்துக்குள் நுழைந்தபோது, எண்ணவில்லை. 1.35, சாப்பிட்டு வெளியே வந்தபோது, 45, தலை எண்ணி. 1.38, வேறொருவர் எண்ணி, 45. 1.41, பெயர் கூப்பிட்டதில் வருகைப் பட்டியல் எண் 27 இல்லை. இடைவெளி 12.35 முதல் 1.35 வரை, சரியாக ஒரு மணி நேரம். இந்த நேரத்தில், பஸ்ஸில் 27-ஆம் எண்ணின் பக்கத்தில் உட்கார்ந்த பையன், ‘சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுற இடத்துல பார்த்தேன் சார், ஒரு மணி இருக்கும்’ என்கிறான். இங்கேதான் பெரும்பாலான அறிக்கைகள் கெடுகின்றன. ஆசிரியர் உடனே ‘1.00 மணிக்குக் கை கழுவும் இடத்தில் இருந்தான்’ என்று எழுதிவிடுவார். பையன் கையில் கடிகாரம் இல்லை. அவன் பார்த்தது வேறு ஒருவனாகவும் இருக்கலாம். கண்காணிப்பு கேமராப் பதிவைப் பார்ப்பவர் ஒரு மணியிலிருந்து ஓட்டத் தொடங்குவார், பிள்ளை 12.42-க்குக் கூடத்துக்கு வெளியிலேயே வேறு கூட்டத்தோடு நடந்திருந்தால் அது கண்ணில் படவே படாது. ஆகவே இடைவெளியை 12.35–1.35 என்றே வைத்து, ‘பக்கத்து மாணவன் சொன்னது, உறுதியில்லை’ என்று தனி வரியில் எழுத வேண்டும். எண்ணியது ஒரு பத்தி, பார்த்தது ஒரு பத்தி, கேட்டது ஒரு பத்தி.

நேரத்தையும் நம்பும்படி செய்ய வேண்டும். கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடலாம், கேமராவின் கடிகாரமும் பிந்தி இருக்கலாம். அதனால் எந்தக் கடிகாரம் என்று ஒரு முறை குறிப்பிடுங்கள். அச்சிட்ட நேரம் உள்ள எந்தச் சீட்டு கையில் இருந்தாலும், அலிபிரியில் கட்டிய சுங்கச் சீட்டோ வழியில் வாங்கிய டிபன் பில்லோ, அதை நோட்டோடு சேர்த்து வையுங்கள். அதைக்கொண்டு உங்கள் கடிகாரம் எவ்வளவு தள்ளியிருந்தது என்பதைப் பிறகு யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி தேடுதல். 1.41-க்குப் பெயர் உறுதியானதும் மூன்று ஆசிரியர்களும் ஆளுக்கொரு திசையில் ஓடுவது இயல்பு. ஆனால் மீதி 45 பேரும் தனியே விடப்பட்டால், கொஞ்ச நேரத்தில் தேட வேண்டியவர் இரண்டு பேராகிவிடுவார். ஒருவர் 45 பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, நோட்டையும் அவரே வைத்திருக்கட்டும். பிள்ளை திரும்பி வந்தால் முதலில் வருவது கடைசியாகக் கூடிய இடத்துக்குத்தான் என்பதால் அங்கேயே அவர் இருப்பது நல்லது. பஸ் டிரைவரிடம் வண்டியை நகர்த்த வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மற்ற இருவரும் ஆபத்து அதிகமான இடங்களை முதலில் பார்க்கட்டும்: சுவாமி புஷ்கரிணி, வண்டி ஓடும் சாலை. அதற்குப் பிறகே அன்னக்கூடம், கழிப்பறை, கல்யாணக்கட்டை, கடைத்தெரு. அவர்கள் போனில் சொல்லச் சொல்ல நோட்டில் ஏற வேண்டும்: 1.44–1.53, புஷ்கரிணி நான்கு பக்கமும், ஒரு காவலரிடம் கேட்டோம், இல்லை. 1.44–2.02, அன்னக்கூடம் கீழ்த்தளம் மட்டும், மாடி பார்க்கவில்லை. அந்த ‘மட்டும்’ பொன்னான சொல். ‘எல்லா இடத்திலும் தேடினோம்’ என்று எழுதினால் அடுத்து வருபவர் மாடிக்குப் போகவே மாட்டார்.

முதலில் நாமே தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு போலீசுக்குச் சொல்லலாம், இல்லாவிட்டால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. இவை இரண்டுமே தவறு. காணாமல் போன குழந்தை பற்றிய புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், வேறு மாதிரி நிரூபணமாகும்வரை கடத்தல் என்று கருதியே விசாரிக்க வேண்டும் என்று ‘பச்பன் பசாவோ ஆந்தோலன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்று சொல்லிவிட்டது. எல்லைப் பிரச்சினையும் இல்லை. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம் என்பதால் சித்தூர் ஆசிரியர் ஊருக்குத் திரும்பி வந்து புகார் கொடுக்கலாமா என்று குழம்ப வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்யலாம். நம் மாதிரிக் கணக்கில் 1.41-க்குப் பெயர் தெரிந்தது, 1.50-க்குள் 112-க்கும் தேவஸ்தானப் பாதுகாப்பு ஊழியருக்கும் சொல்லியிருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதும் நோட்டில் ஒரு வரி. பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் தகவல் போன நேரமும் அப்படியே.

அங்க அடையாளத்தில் இன்று இந்த நேரத்தில் இருக்கும் கோலத்தை எழுதுங்கள். மொட்டை போட்டானா, நாமம் உண்டா, கண்ணாடி போடுகிறவனா, செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இருக்கிறானா, தமிழ் மட்டும்தான் பேசுவானா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவனா. பெயரைத் தெலுங்கு தெரிந்த ஒருவரிடம் உச்சரித்துக் காட்டி எழுதி வாங்குங்கள். ஒலிபெருக்கியில் வேறு மாதிரி கூப்பிட்டால் பிள்ளைக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது.

நடந்து மலையேறும் குழுவுக்கு இவையெல்லாம் இன்னும் கடுமை. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் படிப்பாதையில் பெற்றோருடன் இரவு நேரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமி காணாமல் போனாள். மறுநாள் காலை சிறுத்தை தாக்கிய நிலையில் உடல் கிடைத்தது. அதன்பிறகு தேவஸ்தானம் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் நடைபாதையில் ஏறக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. அந்தப் பாதையில் இடைவெளியை நேரத்தோடு தூரத்திலும் அளக்க வேண்டும். காலி கோபுரம், நரசிம்மர் கோயில் போன்ற இடங்களில் முழுக் குழுவும் சேர்ந்து எண்ணிய பிறகே அடுத்த படி ஏறினால், ‘இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்’ என்று காட்ட முடியும். முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர். கடைசி ஆள் வராமல் கணக்கு முடியாது.

இத்தனை துல்லியமாக எழுதினால் நாளைக்கு அதே நோட்டு நமக்கு எதிராகத் திரும்பாதா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். 12.50-க்கு எண்ணவில்லை என்பது அதில் கறுப்பு வெள்ளையாக இருக்கிறதே. ஆனால் அந்த வரி இல்லாவிட்டாலும் 46 பிள்ளைகளுக்கும் அது தெரியும், கேமராவுக்கும் தெரியும். பிறகு நிதானமாக உட்கார்ந்து எழுதிய, எல்லா மணியும் அரை, முக்கால் என்று முழுசாக வரும் அறிக்கையைத்தான் விசாரணை அதிகாரி சந்தேகிப்பார். பிழை செய்ததை எழுதியிருப்பதைவிட, எழுதியதைத் திருத்தியிருப்பது பெரிய சிக்கல். தவறாக எழுதிய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, படிக்க முடிகிற மாதிரி விட்டு, பக்கத்தில் சரியான எண்ணும் கையெழுத்தும் போடுங்கள்.

பிள்ளை கிடைத்ததும் நோட்டை மூடிவிடுவார்கள். இன்னும் ஐந்து வரி பாக்கி: கிடைத்த நேரம், இடம், கண்டவர், உடல்நிலை, யாரிடம் ஒப்படைத்தார்கள். பிறகு பஸ்ஸில் ஏறியதும் மறுபடி பெயர் கூப்பிட்டு 46 என்று எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அழிக்கச் சொல்லி, கிடைத்துவிட்ட தகவலை அதே குழுக்களுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அந்தப் படம் அடுத்த வருஷமும் ‘காணவில்லை’ என்று சுற்றிக்கொண்டிருக்கும். மூல நோட்டைப் பள்ளியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்ட நகலை ஒன்று காவல் நிலையத்துக்கும் ஒன்று எம்.இ.ஓ. அலுவலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.