முன்னெற்றியில் ஒரு வெள்ளைக் கற்றை

நெற்றிக்கு மேலே, வகிட்டின் ஓரத்தில், ஒரு கற்றை மயிர் மட்டும் திடீரென்று வெளுத்திருப்பதைக் கண்ணாடியில் காண்பவர் முதலில் அறிய வேண்டியது அது எப்போது வெளுக்கத் தொடங்கியது என்பதேயாகும்; அதற்கான விடை பெரும்பாலும் அந்த மயிரிலேயே கிடைத்துவிடும். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட பகுதி உயிரற்றது என்பதால், கறுப்பாக வளர்ந்த மயிர் பின்னர் தானாக வெளுப்பதில்லை. வேரில் இருக்கும் நிறமிக் கலங்கள் மெலனின் எனப்படும் கருநிறப் பொருளைக் கொடுக்காமல் நின்ற நாளிலிருந்து வளரும் பகுதியே வெள்ளையாக வெளிவருகிறது. ஆகவே அடியில் நான்கு சென்ரிமீற்றர் வெள்ளையாகவும் நுனி கறுப்பாகவும் இருக்கும் மயிர், மாற்றம் ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன் தொடங்கியதைக் காட்டும். ஒரே இரவில் தலை வெளுத்ததாகச் சொல்லப்படும் நிகழ்வுகளிற் சிலவற்றுக்கும் இவ்வாறான விளக்கம் உண்டு: வட்ட வட்டமாக மயிர் உதிரும் புழுவெட்டு நோய் கறுத்த மயிரையே முதலில் உதிர்ப்பதால், முன்பே இடையிடையே இருந்த நரை மட்டும் எஞ்சிக் கண்ணுக்குப் புலப்படுகிறது.

இவ்வாறு ஓரிடத்தில் மட்டும் மயிர் வெளுப்பதை மருத்துவர்கள் பொலியோசிஸ் என்பர். இது ஓர் அடையாளத்தின் பெயரே தவிர ஒரு நோயின் பெயரன்று. இதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், வளர்ந்தோரிடம் புதிதாகத் தோன்றுமாயின் முதலில் எண்ண வேண்டியது வெண்புள்ளி நோய், அதாவது விற்றிலிகோ ஆகும். உடலைக் காக்கும் எதிர்ப்பாற்றல் தவறுதலாகத் தோலின் நிறமிக் கலங்களைத் தாக்கி அழிப்பதால் இது வருகிறது. உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

படுவான்கரைப் பகுதியைச் சேர்ந்த, முப்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியை தம் நெற்றியோரத்தில் இரண்டு விரல் அகலமான வெள்ளைக் கற்றையைக் கண்டார் என வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய முறையை விளக்கலாம். காலை வெளிச்சத்தில் அவரை முற்றத்தில் இருத்திச் சீப்பின் வாலால் மயிரைப் பிரித்து, அடித்தோலைப் பார்க்க வேண்டும். தோல் சுற்றுப்புறத்தின் நிறத்திலேயே இருந்து மயிர் மட்டும் வெளுத்திருந்தால், சாதாரண நரையோ புழுவெட்டுக்குப் பின் வெள்ளையாக முளைத்த மயிரோ அதுவாக இருக்கலாம். மாறாக, தோலும் பால்போல வெளுத்து, விளிம்பு தெளிவாக, செதில் உதிராமல் இருந்தால் வெண்புள்ளியின் சாத்தியமே மிகுதி. அடுத்ததாகப் புருவம், இமைமயிர், வாயோரம், விரல்நுனிகள், முழங்கை ஆகியவற்றையும், உராய்வும் மடிப்பும் உள்ள பிற இடங்களையும் தேட வேண்டும். அங்கும் வெளுப்பு இருந்தால் ஐயம் வலுப்படும். ஆசிரியையின் தலையில் அடித்தோல் வெளுத்திருந்தது. இடது முழங்கையிலும் நகமளவு வெண்மை இருந்தது. தோல் சிகிச்சைப் பிரிவில் இருட்டறையில் வூட் விளக்கு எனப்படும் புறஊதா விளக்கைப் பிடித்தபோது அவ்விடங்கள் நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்ந்தன. தைரொயிட் சுரப்பியின் கோளாறு இந்நோயுடன் சேர்ந்து வருவது உண்டு என்பதால், இரத்தத்தில் அதற்கான சோதனையும் எழுதிக் கொடுக்கப்பட்டது.

மட்டக்களப்பு வாவியின் நடுவே தொழுநோய் வைத்தியசாலை அமைந்த மாந்தீவு இருப்பதனால், இப்பகுதியில் வெண்மையான தழும்பொன்றைக் கண்டவுடன் மனம் அங்கே ஓடுவது இயல்பு. 'வெண்குட்டம்' என்ற பழைய சொல் அந்த அச்சத்தை இன்னும் கூட்டிவிடுகிறது. இரண்டும் வேறுவேறு. தொழுநோயின் தழும்பு மங்கிய நிறமாகவோ செம்மையாகவோ இருக்குமேயன்றிப் பால்வெண்மையாக இராது. அங்கே உணர்ச்சி குறைந்திருக்கும், மயிர் வெளுப்பதற்குப் பதிலாக அடர்த்தி குறையும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்த்தால் வெண்புள்ளி உள்ளவர் தொட்ட இடத்தைச் சரியாகச் சுட்டிக் காட்டுவார். 'வெண்குட்டம்' என்ற சொல்லைக் கைவிடுவது ஒரு சிறு மரியாதை மட்டுமன்று. அதைக் கேட்டு மருந்து தேடாமல் மறைந்திருப்போர் உண்டு என்பதால் அது மருத்துவத் தேவையும் ஆகும்.

வாவி மீன் குழம்பையும் எருமைத் தயிரையும் ஒரே வேளையில் உண்டதால் வெண்புள்ளி வந்தது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. எதிர்ப்பாற்றலின் கோளாறுக்கு அவ்வுணவுச் சேர்க்கை காரணமாகும் என்பதற்குச் சான்று இல்லை. உண்மையான தீங்கு வேறிடத்திலிருந்து வருகிறது. கார்போகி அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கும் கைவைத்தியத்தில், அவ்விதையிலுள்ள சோரலன் என்னும் பொருள் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோலில் வினைபுரிகிறது. இது மருத்துவர்கள் அளந்து பயன்படுத்தும் தத்துவமே. ஆனால் அளவின்றிப் பூசி, வாவி நீரில் வெயில் பட்டுத் தெறிக்கும் நண்பகலில் நின்றால் ஓரிரு நாட்களில் தோல் சிவந்து கொப்பளித்துப் புண்ணாகும். வெண்புள்ளி நோயில் காயம்பட்ட இடத்தில் புதிய வெண்மை தோன்றும் இயல்பும் இருப்பதால், மருந்தென்று பூசியதே நோயைப் பரப்பிவிடக்கூடும்.

சில துணை அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது. இரு கண்களும் சிவந்து பார்வை மங்குதல், கடுந்தலைவலி, காதில் இரைச்சல் ஆகியன வந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் புருவமும் இமைமயிரும் தலைமயிரும் வெளுத்தால், அது வோக்ட்-கொயனகி-ஹராடா நோயாக இருக்கலாம்; பார்வையையே பறிக்கக்கூடிய அந்நோய்க்குக் கண் மருத்துவர் உடனடியாகத் தேவை. பிறக்கும்போதே வெள்ளைக் கற்றையுடன் வரும் குழந்தைக்கு நிறமிக் கலங்கள் அங்கே சென்று சேராத மரபுக் காரணம் இருக்கக்கூடும். அதனோடு காது கேளாமையும் கண்களின் நிறவேறுபாடும் சேர்ந்தால் வாடன்பேர்க் நோய்க்குறித்தொகுதி எனப்படும் என்பதால், அக்குழந்தைக்குக் கேள்திறன் சோதனை தவறக்கூடாது.

ஆசிரியைக்குத் தலைக்கு மட்டும் ஸ்டெரொயிட் பசை சில மாதங்கள் என்ற வரையறையுடன் எழுதப்பட்டது. பின்னர் குறுகிய அலைப்பட்டைப் புறஊதா ஒளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தரப்படலாம் எனவும் கூறப்பட்டது. இங்கே ஓர் எல்லையை முன்னரே விளக்க வேண்டும். வெளுத்த தோலுக்கு நிறம் திரும்புவதற்கான நிறமிக் கலங்கள் பெரும்பாலும் மயிர்க்குழியிலிருந்தே புறப்பட்டு வருகின்றன. அவ்விடத்து மயிரே வெளுத்துவிட்டது என்றால் அந்தச் சேமிப்பும் தீர்ந்துவிட்டது என்பது பொருள். ஆகவே கறுத்த மயிர் எஞ்சியுள்ள விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் முதலில் தோன்றும்; நடுவிலோ மாற்றம் மந்தமாகவே இருக்கும், மயிரின் வெண்மையோ பெரும்பாலும் நிலைத்துவிடும். அவர் மாதம் ஒருமுறை, அதே யன்னலருகே, ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படம் எடுத்துவந்தார். ஆறாம் மாதத்துப் படத்தில் விளிம்பு இரண்டு மில்லிமீற்றர் உள்வாங்கியிருந்தது, நடுக்கற்றை வெள்ளையாகவே இருந்தது. ஓராண்டுக்கு மேல் நோய் பரவாமல் நின்றால், கறுத்த மயிர்க்குழிகளை வேறிடத்திலிருந்து எடுத்து நடும் சிறு அறுவை முறையும் உண்டு.

சாயம் பூச விரும்புவோர், கறுப்புச் சாயங்களிலுள்ள பாராபீனைலீன் டயமீன் என்ற இரசாயனம் சிலருக்கு ஒவ்வாமைப் புண்ணையும், அதனூடாகப் புதிய வெண்மையையும் உண்டாக்கலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும். காதின் பின்புறத்தில் ஒரு துளி இட்டு இரண்டு நாள் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லாதபோது மட்டும், அடித்தோலில் படாமல் மயிரில் மட்டும் பூசுவதே அந்த ஆசிரியை கைக்கொண்ட வழி. வெயிலில் செல்லும் நாளில் அவர் வெளுத்த நெற்றியோரத்தைச் சேலை முந்தானையால் மூடிக்கொள்கிறார்.