அண்ணாச்சிக்கு ஒரு அனுமதிக் கடிதம்



இந்தப் பருவத்தில் 9-ஆம் வகுப்புக்குக் கொடுத்திருக்கும் ப்ராஜெக்ட் தலைப்பு இதுதான்: "மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து பை கொண்டு வருகிறார்களா?" இதற்குக் கடை வாசலில் நின்று வாடிக்கையாளர்களைக் கேட்கணும். நாமா போய் நின்றுவிட முடியாது, கடைக்காரர் அனுமதி வேணும். கடிதம் எழுதுவது தமிழ்ப் பாடத்திலேயே இருக்கே, அதுல என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். பரீட்சைக் கடிதத்தை ஆசிரியர் உட்கார்ந்து படித்து மார்க் போடுவார். இந்தக் கடிதத்தையோ ஒரு கையில் பருப்புப் பொட்டலமும் இன்னொரு கையில் சில்லறையுமாக நிற்கிற அண்ணாச்சி படிக்கப் போகிறார். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் மடித்துக் கல்லாவுக்குள் வைத்துவிடுவார். அப்புறம் அது வெளியே வராது.

கடிதம் எழுதும் முன்னால் அவர் இடத்தில் நின்று பார்க்கணும். தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. எத்தனை மெல்லிசு, எத்தனை தடிமன் என்ற பேச்சே இல்லை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. தடையை மீறினால் கடைக்கு அபராதம் உண்டு. இந்த நிலைமையில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பேர் நோட்டும் பேனாவுமாக வந்து, "உங்க கடையில் பை பற்றி சர்வே எடுக்கணும்" என்றால் அவர் என்ன நினைப்பார்? "இதை எழுதி யார்கிட்ட கொடுக்கப் போறீங்க?" அதுதான் முதல் கேள்வி. வாய்விட்டுக் கேட்க மாட்டார். "இப்ப வேணாம் தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்பார். அதுக்கு அர்த்தம் 'இல்லை' என்பதுதான்.

அவர் கேட்காத அந்தக் கேள்விக்குக் கடிதமே பதில் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதிரி கீழே. பரீட்சை வழக்கப்படி பெயருக்கு 'அ.அ.அ.' போட்டிருக்கு. உங்கள் கடிதத்தில் உண்மையான பெயர் இருக்கணும், பெயர் தெரியாத ஆளுக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.

அனுப்புநர்
அ.அ.அ.,
9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
உரிமையாளர் அவர்கள்,
மளிகைக் கடை,
கடைத்தெரு.

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

பொருள்: பள்ளி ப்ராஜெக்ட்டுக்காகக் கடை வாசலில் வாடிக்கையாளர்களிடம் இரண்டு கேள்வி கேட்க அனுமதி வேண்டுதல்.

வணக்கம். மக்கள் கடைக்கு வரும்போது வீட்டிலிருந்து பை எடுத்து வருகிறார்களா என்று எங்கள் வகுப்பில் கணக்கெடுக்கிறோம். உங்கள் கடை எந்தப் பை தருகிறது என்பதை நாங்கள் கேட்கவும் மாட்டோம், எழுதவும் மாட்டோம்.

ஜூலை 5 சனிக்கிழமையும், ஜூலை 26 சனிக்கிழமையும் நாங்கள் இரண்டு பேர் வருவோம். மாலை 4 முதல் 5 மணி வரை, சாமான் வாங்கி முடித்துக் கிளம்புகிறவர்களிடம் மட்டும் இரண்டு கேள்வி கேட்போம். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 6.30 முதல் 7.30 மணி வரை கூட்ட நேரம் என்பதால் யாரிடமும் பேசாமல், படியை விட்டுத் தள்ளி நின்று எண்ண மட்டும் செய்வோம்.

யாருடைய பெயரும், என்ன வாங்கினார்கள் என்பதும் எழுத மாட்டோம். கடையின் பெயர் ப்ராஜெக்ட்டில் வராது. போட்டோ எடுக்க மாட்டோம். எழுதி முடித்ததும் ஆசிரியரிடம் கொடுக்கும் முன்பு உங்களிடம் காட்டுவோம். இடைஞ்சலாக இருந்தால் எப்போது சொன்னாலும் கிளம்பிவிடுவோம்.

அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அ.அ.அ.

நாள்: 28.6.2025
(வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர் கையொப்பம், பள்ளி முத்திரை)

இவ்வளவுதான் கடிதம். இதில் முக்கியமான வரி எது என்று கேட்டால், "உங்கள் கடை எந்தப் பை தருகிறது என்பதை எழுத மாட்டோம்" என்பதைத்தான் சொல்வேன். அண்ணாச்சியைச் சமாதானப்படுத்தப் போட்ட வரி மாதிரித் தெரியும். ஆனா அது சர்வேயையும் காப்பாற்றுது. நம்ம தலைப்பு வாடிக்கையாளரின் பழக்கம். கடை என்ன தருகிறது என்று எழுத ஆரம்பித்தால் அது வேற ப்ராஜெக்ட். அதுவும் நம்மால் சரியாகச் செய்ய முடியாதது. துணிப்பை மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பை இருக்கே, அதுவும் பிளாஸ்டிக்தான், தடைப் பட்டியலில் உள்ளதுதான். கையில் வாங்கிப் பார்த்தால் நெசவு இழை இருக்காது, புள்ளி புள்ளியாக அழுத்தின தடம் இருக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் துணியா அதுவா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. அதனால் எண்ணும்போது 'பை கொண்டு வந்தார்', 'கொண்டு வரவில்லை' என்று இரண்டே கட்டம். பையின் ஜாதி நமக்கு வேண்டாம்.

அடுத்து நேரம். இங்கேதான் அண்ணாச்சிக்கும் நமக்கும் இழுபறி. அவருக்குக் கூட்ட நேரத்தில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. நமக்கோ கூட்ட நேரம்தான் வேணும். மாலை 4 மணிக்கு வருகிறவர் பெரும்பாலும் வீட்டிலிருந்து கிளம்பி வருகிறவர், பை எடுத்திருப்பார். ஏழு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி அப்படியே வருகிறவர் கையில் பை எங்கே இருக்கும்? 4 மணியோடு நிறுத்திவிட்டால் ஊரே மஞ்சப்பையோடு திரிகிற மாதிரி முடிவு வந்துவிடும். அதனால்தான் கடிதத்தில் வேலையை இரண்டாகப் பிரித்திருக்கு: ஆற அமர இருக்கும் நேரத்தில் கேட்பது, கூட்டத்தில் எண்ணுவது மட்டும். எண்ணுவதற்கு யாரையும் நிறுத்த வேண்டாம். ஆளுக்கு ஒரு கோடு, நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஒரு கோடு போட்டால் ஐந்து, கணக்குப் பாடத்தில் படித்த அதே நேர்க்கோட்டுக் குறிதான்.

தேதியும் சும்மா போட்டது இல்லை. மாத முதல் வாரத்தில் சம்பளம் வாங்கி, லிஸ்ட் எழுதி, மாசச் சாமான் வாங்க வருகிறவர்கள் அதிகம். பெரிய பையோ சாக்கோ இல்லாமல் அவர்களால் வாங்கிப் போக முடியாது. மாதக் கடைசியில் கால் கிலோ சர்க்கரை, ஒரு பாக்கெட் சேமியா என்று உதிரி வியாபாரம். அப்போது பை எடுக்கத் தோன்றாது. ஒரே கடை, ஒரே கிழமை, ஆனால் ஜூலை 5-க்கும் 26-க்கும் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரு நாள் மட்டும் போய்விட்டு "நம் ஊர் மக்கள்" என்று எழுதினால் அது அந்த ஒரு நாள் மக்களைப் பற்றின கணக்குதான்.

இப்போ இரண்டு கேள்விக்கு வருவோம். ஒன்று: "வழக்கமாகக் கடைக்கு வரும்போது பை கொண்டு வருவீங்களா?" இரண்டு: "கொண்டு வராத நாளில் ஏன் முடியாமல் போகுது?" படிவத்தில் இந்த இரண்டுக்கும் மேலே இன்னொரு கட்டம் இருக்கு. அது கேட்கிற கேள்வி இல்லை, பார்க்கிற விஷயம்: இப்போ கையில் வீட்டுப் பை இருக்கா? வாயைத் திறக்கும் முன்பே அதைக் குறித்துவிட வேண்டும். ஏன் என்றால் யூனிஃபார்மில் நிற்கிற பிள்ளைகளிடம் "இல்லப்பா, நான் கொண்டு வர்றதில்ல" என்று சொல்லப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கும்.

எளிதாகப் புரிய, 40 பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 30 பேர் "வழக்கமா கொண்டு வருவேன்" என்கிறார்கள். அந்த 40 பேரில் கையில் பையோடு நின்றது 18 பேர். 30-ஐ மட்டும் எழுதினால் நூற்றுக்கு 75 பேர். 18-ஐ எழுதினால் நூற்றுக்கு 45 பேர். எது உண்மை? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதணும். "வருவேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு நின்ற அந்த 12 பேர், அதற்கு மேலும் இருக்கலாம், அவர்கள் இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான் ப்ராஜெக்ட்டிலேயே படிக்கச் சுவையான பகுதியாக இருக்கும். (அதற்கு மேலும் என்று ஏன் சொன்னேன் என்றால், பையோடு நின்ற 18 பேரில் சிலர் "எப்பவாவதுதான் கொண்டு வருவேன்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? கணக்கு வாத்தியார் கேட்பதற்குள் நாமே சொல்லிவிடுவோம்!)

யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு விஷயம். சிரிச்ச முகமா இருக்கிற அக்காவையும் பக்கத்து வீட்டு மாமாவையும் மட்டும் கேட்கத்தான் மனசு சொல்லும். வெளியே வருகிற ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் கேட்பது என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக்கணும். "நேரமில்லை" என்று போனால் 'மறுத்தவர்' என்று ஒரு கோடு. துரத்திப் போகக் கூடாது. வீட்டில் அனுப்பி வந்த சின்னப் பிள்ளைகளைக் கேட்க வேண்டாம், பை கொடுத்து அனுப்புவதா வேண்டாமா என்பதை முடிவு செய்தது அவர்கள் இல்லை.

கடையின் பெயர் வராது என்று வாக்குக் கொடுத்தோம். அதில் ஒரு ஓட்டை இருக்கு. "பள்ளிக்கு எதிரே உள்ள மளிகைக் கடை" என்று எழுதினால், அங்கே இருப்பதே ஒரு கடைதான் என்றால், பெயர் போட்ட மாதிரிதான். அப்படிப்பட்ட இடமாக இருந்தால் இரண்டு கடையில் அனுமதி வாங்கி, இரண்டு கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.

கடிதத்தை நேரில்தான் கொடுக்கணும், அதுவும் மத்தியானம் கடை காற்றாடுகிற நேரத்தில். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்று அவருக்கு, ஒன்று நமக்கு. அண்ணாச்சி படித்துவிட்டு, "26-ஆம் தேதி கடைக்குச் சரக்கு லாரி வரும், 27 ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லலாம். சரி என்று இரண்டு பிரதியிலும் தேதியை மாற்றி எழுதி, பக்கத்தில் அவரிடம் ஒரு சிறு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கல்லாவில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தால் அந்தத் தாளைக் காட்டலாம். ஒரு நாள் சனி, ஒரு நாள் ஞாயிறு என்று ஆகிவிட்டதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுத மறக்காதீங்க, ஏனென்றால் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் இறங்குகிறவர்கள் குறைவு.