இரண்டாம் செவ்வாயைக் கிரொனுக்குச் சொல்வது எப்படி?

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2003 ஒக்டோபரிலிருந்து தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் வெளியிடுகிறது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் காலை 10 மணிக்கு அவை வரும்போது கண்டியில் இரவு 10.30 ஆகிவிடும், அங்கே குளிர்காலம் என்றால் 11.30. பேராதனைப் பக்கம் ஒரு கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் அன்று மாலை 4 மணிக்கே கோப்புகளை லினக்ஸ் சேர்வரில் பிரதி எடுத்துவிட்டால், இரவு வரும் திருத்தம் எதைக் கெடுத்தாலும் மீட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8 முதல் 14 வரையான திகதிகளில்தான் விழும். அதனால் பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள்:

```
0 16 8-14 * 2 /usr/local/bin/backup.sh
```

திகதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே கிரொன் வேலையைத் தொடங்கிவிடும். 1ஆம், 15ஆம் திகதிகளிலும் வெள்ளி தோறும் நடக்கவேண்டிய வேலையை ஒரே வரியில் எழுத இந்த விதி உதவும். நமக்கு அது இடைஞ்சல். 2025 ஒக்டோபரில் மேலுள்ள வரி 8 முதல் 14 வரை தினமும், 7, 21, 28 ஆகிய செவ்வாய்களிலுமாகப் பத்துத் தடவை ஓடியிருக்கும்.

ஆகவே திகதியை மட்டும் கிரொனிடம் விட்டு, கிழமையைக் கட்டளைக்குள் சோதியுங்கள். `crontab -e` திறந்து இதை இடுங்கள்:

```
0 16 8-14 * * [ "$(date +\%u)" = 2 ] && /usr/local/bin/backup.sh
```

திங்களை 1 என எண்ணினால் செவ்வாய் 2. சதவீதக் குறிக்கு முன்னுள்ள சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கிரொன் அந்தக் குறியைப் புது வரியாக எடுத்து, கட்டளையை நடுவில் வெட்டிவிடும். முனையத்தில் சரியாக ஓடிய கட்டளை கிரொனில் மட்டும் பிழைத்தால் முதலில் அங்கே பாருங்கள்.

சேர்வரின் நேரத்தை `date` கொடுத்துப் பார்ப்பதும் அவசியம். அது UTC காட்டினால் நம் மாலை 4 மணிக்கு `30 10` என்று எழுதவேண்டும். அதிகாலை 5.30க்கு முந்தைய வேலை என்றால் அங்கே இன்னும் திங்கள்தான்; கிழமைச் சோதனையை 1 ஆகவும் திகதியை `7-13` ஆகவும் மாற்றுங்கள்.

திருத்தங்கள் இறங்கினவா என மறுநாள் பார்க்கும் வேலையை "இரண்டாம் புதன்" என்று வைக்கக்கூடாது. 2025 ஒக்டோபரில் இரண்டாம் புதன் 8ஆம் திகதி, இரண்டாம் செவ்வாயோ 14. அதற்கு `9-15` என எழுதி, கிழமையை 3 எனச் சோதிப்பதே சரி.

விடுமுறைகள் கிரொனுக்குத் தெரியாது. 2025 மே 13, இரண்டாம் செவ்வாய், வெசாக்குக்கு மறுநாள் விடுமுறை. கூடத்துக் கணினிகள் அணைந்திருந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட மாதங்களில் முந்திய வேலைநாளிலேயே பிரதியைக் கையால் எடுத்துவிடுங்கள்.